"சரி" என்று எழுதுவதா, குறி இடுவதா? நெரிசலான குழுவில் செய்தி கிடைத்ததைத் தெரிவிக்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

நாற்பது பேர் உள்ள ஒரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு முக்கியமான செய்தியைப் போட்டால், பார்த்தவர்கள் அதை எப்படித் தெரிவிக்க வேண்டும் என்று குழுக்களை நடத்துகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். எல்லோரும் "சரி" என்று எழுதினால் குழு இரைச்சலாகிவிடுகிறது. யாரும் எதுவும் எழுதாவிட்டால் செய்தி போய்ச் சேர்ந்ததா என்றே தெரிவதில்லை. இதற்கு நடுவே, செய்தியின் அடியில் ஒரு 👍 இட்டு விடுவது, அதாவது ரியாக்‌ஷன், நல்ல தீர்வாகத் தோன்றுகிறது. பெரும்பாலான நேரங்களில் அது நல்ல தீர்வுதான். ஆனால் அதற்கும் சில மறைமுகச் செலவுகள் உண்டு. அவற்றைக் கணக்கில் எடுக்காமல் "இனி எல்லோரும் குறி மட்டும் இடுங்கள்" என்று அறிவித்துவிட்டால், இரைச்சல் குறைந்த அளவுக்குக் குழப்பம் கூடிவிடும்.

ஒரு தன்னார்வக் குழுவை ஒருங்கிணைத்தபோது எனக்கு நேர்ந்ததிலிருந்தே தொடங்குகிறேன். மறுநாள் காலை 6 மணிக்குத் தொடங்க வேண்டிய பணி 5:30-க்கு மாறியது. இரவு 9 மணிக்குச் செய்தி போட்டேன். அடுத்த அரை மணி நேரத்தில் 28 பதில்கள் வந்தன: "சரி", "ஓகே", "ஆகட்டும்", "நன்றி", கைகூப்பும் படங்கள். பார்த்துவிட்டார்கள் என்ற நிம்மதியில் கைபேசியைக் கீழே வைத்தேன். அந்த 28-இல் ஒன்று "சரி" அல்ல. "பொருள் அறையின் சாவி என்னிடம் இல்லை, 5:30-க்கு யார் திறப்பார்கள்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு மேலே பத்துக்கும் மேற்பட்ட "சரி"கள், கீழே அதே அளவுக்கு "சரி"கள். மறுநாள் எட்டுப் பேர் பூட்டிய கதவின் முன் 6:10 வரை நின்றார்கள். கேள்வி கேட்டவர் தம் கடமையைச் செய்துவிட்டார், நான்தான் பார்க்கவில்லை.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான்கு கேள்விகளை வைத்துக்கொண்டால் போதும். முதலாவது, அந்தப் பதிலால் எத்தனை பேருடைய கைபேசி ஒலிக்கிறது. இரண்டாவது, "பார்த்தேன்", "ஒப்புக்கொள்கிறேன்", "நான் செய்கிறேன்" என்ற மூன்றில் எதை அது சொல்கிறது என்பது ஐயமின்றித் தெரிகிறதா. மூன்றாவது, யார் இன்னும் பதில் சொல்லவில்லை என்பதைக் கண்டுபிடிக்க முடிகிறதா. நான்காவது, ஒரு மாதம் கழித்துத் தேடினால் அது கிடைக்குமா.

இவற்றுள் முதல் கேள்வியைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். என் அனுபவத்தில், பிழைகள் பெரும்பாலும் இரண்டாவதிலும் மூன்றாவதிலும்தான் நேர்கின்றன.

| வழி | யாருடைய கைபேசி ஒலிக்கும் | பொருள் தெளிவு | விடுபட்டவரைக் காண | பின்னர் தேட |
|---|---|---|---|---|
| எழுத்தில் "சரி" | குழுவில் எல்லோருடையதும் | ஓரளவு | மேலும் கீழும் தள்ளி எண்ண வேண்டும் | கிடைக்கும் |
| குறி | செய்தி போட்டவருடையது மட்டும் | முன்கூட்டியே சொன்னால் மட்டும் | இட்டவர் பெயர் மட்டும் தெரியும் | கிடைக்காது |
| மௌனமும் நீல நிறக் குறிகளும் | யாருடையதும் இல்லை | மிகக் குறைவு | எளிது | கிடைக்காது |
| வாக்கெடுப்பு | போடும்போது எல்லோருடையதும் | மிக அதிகம் | வாக்களித்தவர் பெயர் மட்டும் தெரியும் | கேள்வி கிடைக்கும் |

## எழுத்தில் பதில் சொல்வது

இதன் செலவைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. நாற்பது பேர் உள்ள குழுவில் ஒருவர் "சரி" என்று எழுதினால், அது மற்ற 39 பேருக்கும் போகிறது. என் குழுவில் அன்று இரவு வந்த 28 பதில்கள், 28 பெருக்கல் 39, ஆக 1,092 முறை யாரோ ஒருவருடைய திரையில் தோன்றின. அவற்றில் ஒரு கேள்வியைத் தவிர எதுவும் என்னைத் தவிர வேறு யாருக்கும் தேவைப்படாதவை. குழு இரண்டு மடங்கானால் இந்தக் கணக்கு நான்கு மடங்காகிறது. பத்துப் பேர் குழுவில் உறுத்தாத பழக்கம் நாற்பது பேர் குழுவில் தாங்க முடியாததாவதற்கு இதுவே காரணம்.

இதன் மறைமுகச் செலவு இன்னும் பெரிது. இரைச்சலைத் தாங்க முடியாதவர்கள் குழுவை மௌனப்படுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகு, உண்மையிலேயே அவசரமான செய்தி வந்தாலும் அவர்களுக்குத் தெரிவதில்லை. "சரி" என்று எழுதியவர் மரியாதைக்காக எழுதினார். ஆனால் அந்த மரியாதையின் விலையை அடுத்த அவசரச் செய்தி கொடுக்கிறது.

இந்தச் சிக்கல் வாட்ஸ்அப் குழுக்களில் தொடங்கியதும் அல்ல. மென்பொருள் எழுதுவோர் கூடிப் பணிபுரியும் கிட்ஹப் தளத்தில், ஒரு குறையைப் பற்றி ஒருவர் எழுதினால் "எனக்கும் அதே குறை உண்டு" என்பதற்காகப் பலர் `+1` என்று மட்டும் பதிலிட்டு வந்தார்கள். ஒவ்வொரு `+1`-உம் அந்த உரையாடலைப் பின்தொடர்பவர்களுக்கு நோட்டிபிகேஷனாகப் போனது. 2016 சனவரியில், பல திட்டங்களைப் பராமரிப்பவர்கள் ஒன்றுசேர்ந்து கிட்ஹப்புக்கு எழுதிய திறந்த மடலில் இதை ஒரு குறையாகக் குறிப்பிட்டார்கள். அதே ஆண்டு மார்ச்சில் கிட்ஹப் ஆறு குறிகள் கொண்ட ரியாக்‌ஷன் வசதியைக் கொண்டுவந்தது. யாருக்கும் நோட்டிபிகேஷன் அனுப்பாமல் உடன்பாட்டைத் தெரிவிப்பதே அதன் நோக்கம். நாம் இன்று குழுக்களில் தேடுவதும் அதையேதான்.

எனினும் எழுத்தே சரியான வழியாக இருக்கும் இடங்கள் உண்டு. "நான் வர இயலாது", "நான் 20 நிமிடம் தாமதமாக வருவேன்", "சாவி என்னிடம் இருக்கிறது, நான் திறக்கிறேன்" என்பனவற்றைக் குறியால் சொல்ல முடியாது. ஒருவர் ஒரு வேலையை ஏற்றுக்கொள்கிறார் என்றால், எந்த வேலை, எத்தனை மணிக்குள் என்பது அவருடைய எழுத்தில் இருக்க வேண்டும். வருத்தமான செய்திக்கும் அப்படியே: உடல்நலமில்லாத ஒருவர் அதை எழுதியிருக்கும்போது, அடியில் ஒரு குறியை மட்டும் வைத்துவிட்டுப் போவதைவிட, அவருக்குத் தனியாக இரண்டு வரி எழுதுவது நல்லது.

## குறி இடுவது

வாட்ஸ்அப்பில் ஒரு செய்திக்குக் குறி இட்டால், அந்தச் செய்தியைப் போட்டவருக்கு மட்டுமே நோட்டிபிகேஷன் போகிறது. அவரும் விரும்பினால் அமைப்பில் அதை நிறுத்திவைக்கலாம். ஆகவே, அன்று அந்த 27 பேரும் குறி இட்டிருந்தால், 27 முறை ஒலித்திருக்கக்கூடியது என் கைபேசி மட்டுமே. குழுவில் அந்த இரவு இரண்டே செய்திகள் இருந்திருக்கும்: நேரம் மாறியதைச் சொன்ன என் செய்தி, அதன் கீழே சாவியைப் பற்றிய கேள்வி. அதைப் பார்க்காமல் யாரும் கடந்து போயிருக்க முடியாது. ஒப்புதல்கள் குறிகளாக ஒதுங்கிக்கொண்டால், விதிவிலக்குகள் மட்டுமே எழுத்தாக மிஞ்சும். ஒருங்கிணைப்பவருக்குத் தேவை அந்த விதிவிலக்குகள்தான். குறியின் உண்மையான பயன் இது என்றே நான் கருதுகிறேன். ஒலி குறைவது இரண்டாம் பட்சம்.

இனி அதன் செலவுகளைப் பார்ப்போம்.

முதலாவது, பொருள் மயக்கம். கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் 2021-இல் ஒரு தானியக் கொள்முதல் நிறுவனம், ஆளிவிதை வாங்குவதற்கான ஒப்பந்தத்தின் படத்தை ஒரு விவசாயிக்குக் கைபேசியில் அனுப்பி, உறுதிசெய்யும்படி கேட்டது. அவர் 👍 அனுப்பினார். விதை வந்து சேரவில்லை. "ஒப்பந்தம் கிடைத்தது என்று சொல்லவே அதை அனுப்பினேன், ஏற்றுக்கொண்டதாக அல்ல" என்பது அவருடைய வாதம். அவர் முன்பும் இப்படிச் சுருக்கமான பதில்களால் ஒப்பந்தங்களை உறுதிசெய்திருந்ததைக் கருத்தில் கொண்டு, அந்த 👍 ஒப்புதலே என்று 2023-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்து, 82,000 கனடிய டாலருக்கும் மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2024-இல் மேல்முறையீட்டிலும் அத்தீர்ப்பு நிலைத்தது. அவர் அனுப்பியது செய்தியின் அடியில் இடும் குறி அல்ல, தனிச் செய்தி. ஆனால் மயக்கம் ஒன்றுதான். "கிடைத்தது" என்று இடுபவர் நினைக்க, "ஒப்புக்கொண்டார்" என்று பார்ப்பவர் படிக்கிறார். நம் குழுக்களில் வழக்கு வராது. ஆனால் 👍 இட்டவர் வருவார் என்று எண்ணிக் காத்திருப்பது அன்றாடம் நடக்கிறது.

இரண்டாவது செலவு பலர் அறியாதது. வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியைப் போட்ட 15 நிமிடங்களுக்குள் திருத்தலாம். திருத்தினால் புதிய நோட்டிபிகேஷன் எதுவும் போவதில்லை. ஏற்கெனவே இட்ட குறிகள் அப்படியே இருக்கின்றன. "6 மணி" என்று போட்டு, பத்துப் பேர் ✅ இட்ட பிறகு, அதே செய்தியை "5:30" என்று திருத்தினால், அந்தப் பத்து ✅-உம் இப்போது 5:30-க்கு அடியில் நிற்கின்றன. அவர்கள் ஒப்புக்கொண்டது 6 மணிக்கு. திருத்தப்பட்டது என்ற சிறு சொல் செய்தியோரத்தில் இருக்கும். ஆனால் எந்தக் குறி திருத்தத்துக்கு முன் இடப்பட்டது, எது பின் என்பதைக் குறிப் பட்டியல் காட்டுவதில்லை. ஆகவே நேரம், இடம், பொறுப்பு ஆகிய மூன்றில் எது மாறினாலும் பழைய செய்தியைத் திருத்தாமல், புதிய செய்தியாகப் போட்டு, புதிதாகக் குறி கேட்க வேண்டும். எழுத்துப் பிழையை மட்டும் திருத்தலாம்.

மூன்றாவது, வாட்ஸ்அப்பில் ஒருவர் ஒரு செய்திக்கு ஒரு குறிதான் இட முடியும். 👀 இட்டுவிட்டுப் பிறகு ✅ இட்டால், முன்னது மறைந்துவிடும். அலுவலகங்கள் பயன்படுத்தும் ஸ்லாக் செயலியில் ஒருவரே ஒரு செய்திக்குப் பல குறிகளை இடலாம். அதனால்தான் அங்கே அலுவலகக் குழுக்களில் "நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்பதற்கு 👀, "முடித்துவிட்டேன்" என்பதற்கு ✅ என்ற வழக்கம் நன்றாக வேலை செய்கிறது. இரண்டும் அருகருகே நிற்கின்றன. அதே வழக்கத்தை அப்படியே வாட்ஸ்அப்புக்குக் கொண்டுவருபவர்கள் இந்த வேறுபாட்டை மறந்துவிடுகிறார்கள். மேலும், குறியை எடுத்துவிட்டால் தடயம் இல்லை. குறியைத் தேடவும் முடியாது. பின்னாளில் யார் ஒப்புக்கொண்டார் என்ற கேள்வி எழக்கூடிய விஷயமானால், குறியை நம்பக் கூடாது.

## மௌனமும் நீல நிறக் குறிகளும்

"படித்தால் நீல நிறம் வந்துவிடுமே, பதிலே எதற்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. குழுவில் செய்தியோரத்தில் உள்ள இரண்டு டிக் குறிகளும் நீலமாவது, எல்லோரும் படித்த பிறகுதான். நாற்பது பேரில் ஒருவர் ஊரில் இல்லாவிட்டால் அது நாட்கணக்கில் சாம்பல் நிறமாகவே இருக்கும். ஆனால் உங்கள் செய்தியை அழுத்திப் பிடித்து அதன் தகவல் பகுதியைத் திறந்தால், யார் படித்தார்கள், யாருக்குப் போய் மட்டும் சேர்ந்திருக்கிறது என்று பெயர்வாரியாகத் தெரியும். படித்ததைக் காட்டும் வசதியைத் தனி உரையாடலுக்கு நிறுத்திவைத்தவர்களுடைய பெயரும் குழுவில் இதில் வரும், ஏனெனில் குழுச் செய்திகளுக்கு அந்த நிறுத்தம் பொருந்தாது.

படித்தார் என்பதற்கு அங்கே பொருள், குழுவைத் திறந்தார் என்பதுதான். நூறு செய்திகளை விரலால் தள்ளிக்கொண்டே கடந்து போனவரும் படித்தவராகவே கணக்கில் வருவார். எனவே வெறும் தகவலாகப் போடும் செய்திகளுக்கு மௌனம் போதும். யாரும் எதுவும் செய்ய வேண்டாத செய்திக்குக் குறி கேட்பதே வீண். ஒருவர் ஏதாவது செய்ய வேண்டும் என்றால் மௌனம் போதாது.

## வாக்கெடுப்பு

பதில் ஒன்றுக்கு மேற்பட்டதாக இருக்கும்போது இதுவே சிறந்தது. "வருவேன்", "வர இயலாது", "தாமதமாக வருவேன்" என்று மூன்று தெரிவுகளைக் கொடுத்துவிட்டால், குறிக்கு வரும் பொருள் மயக்கம் இதில் அடியோடு இல்லை. வாட்ஸ்அப்பில் 12 தெரிவுகள் வரை வைக்கலாம். ஒருவர் ஒன்றை மட்டுமே தேர்ந்தெடுக்கும்படியும் அமைக்கலாம். மறந்துவிட்டு அப்படி அமைக்காமல் போட்டால், "வருவேன்", "தாமதமாக வருவேன்" இரண்டையும் ஒருவரே தேர்ந்தெடுத்திருப்பதைக் காண நேரும்.

இதன் செலவு, விவரம் ஒரு செய்தியிலும் வாக்கெடுப்பு இன்னொரு செய்தியிலும் பிரிந்து கிடப்பது. வாக்களிப்பவர் கேள்வியை மட்டும் பார்த்து வாக்களித்துவிட்டு, மேலே உள்ள விவரத்தைப் படிக்காமலே போகலாம். ஆகவே நேரத்தையும் இடத்தையும் கேள்விக்குள்ளேயே எழுதிவிடுவது பாதுகாப்பானது. தினமும் வாக்கெடுப்பு போடும் குழுவில் ஒரு வாரத்துக்குள் யாரும் வாக்களிப்பதில்லை என்பதையும் பார்த்திருக்கிறேன்.

## ஒரே செய்தி, இரண்டாம் முறை

சாவிச் சம்பவத்துக்குப் பிறகு, நேர மாற்றங்களை இப்படிப் போடத் தொடங்கினேன்:

> நாளைப் பணி காலை 5:30-க்குத் தொடங்கும் (6 மணி அல்ல). இடம் அதேதான்.
> வருகிறவர்கள் இந்தச் செய்திக்கு ✅ இடவும். அது "5:30-க்கு வருவேன்" என்று பொருள்படும்.
> வர இயலாதவர்களும் கேள்வி உள்ளவர்களும் மட்டும் எழுதவும்.
> இரவு 10 மணிக்குப் பார்ப்பேன்.

இதில் ஒவ்வொரு வரிக்கும் காரணம் உண்டு. 👍-ஐ விட்டு ✅-ஐக் கேட்டது, பழக்கத்தால் இடுபவரையும் படித்துவிட்டு இடுபவரையும் பிரிப்பதற்காக. 👍 இட்டவர் இரண்டாவது வரியைப் படிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். "இந்தச் செய்திக்கு" என்று சொன்னது, பலர் கடைசியாகக் கண்ணில் படும் செய்திக்குக் குறி இட்டுவிடுவதால். நேரத்தைக் குறிப்பிட்டது, எப்போது எண்ணுவேன் என்பது அவர்களுக்கும் தெரிய வேண்டும் என்பதால்.

முதல் முறை இப்படிப் போட்டபோது, இரவு 10 மணிக்கு 39 பேரில் 29 பேர் ✅ இட்டிருந்தார்கள். இரண்டு பேர் 👍 இட்டிருந்தார்கள். மூன்று பேர் எழுதியிருந்தார்கள்: இருவர் வர இயலாது, ஒருவர் பேருந்து நேரத்தைப் பற்றிக் கேட்டார். மீதி ஐந்து பேர். இங்கேதான் குறியின் பெரிய குறை தெரியவரும்: இட்டவர்களின் பெயர் இருக்கிறது, இடாதவர்களின் பட்டியலை வாட்ஸ்அப் தானாகக் காட்டுவதில்லை, வாக்கெடுப்பிலும் அப்படியே. உறுப்பினர் பட்டியலை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக அடித்தேன். ஐந்து நிமிடம் ஆயிற்று. பிறகு செய்தியின் தகவல் பகுதியைத் திறந்து, அந்த ஐவரில் மூவர் படித்திருப்பதையும், இருவருக்குப் போய் மட்டும் சேர்ந்திருப்பதையும் பார்த்தேன். படித்த மூவருக்கும் 👍 இட்ட இருவருக்கும் தனியாக எழுதினேன். படிக்காத இருவரைத் தொலைபேசியில் அழைத்தேன். 👍 இட்ட இருவரில் ஒருவர், "6 மணிக்குத்தானே?" என்று திருப்பிக் கேட்டார்.

குழுவில் அந்த இரவு மொத்தம் ஐந்து செய்திகள்: என்னுடையது, வந்த மூன்று, பேருந்துக் கேள்விக்கு நான் எழுதிய பதில்.

நூறு பேருக்கு மேல் உள்ள குழுவில் இந்த முறை தாங்காது. தாளில் அடிப்பது அரை மணி நேர வேலையாகிவிடும். அப்போது பத்துப் பேருக்கு ஒருவர் என்று பொறுப்பாளரை வைத்து, அவர்கள் தத்தம் பத்துப் பேரையும் தனியாக உறுதிசெய்துகொண்டு, பெரிய குழுவில் பொறுப்பாளர்கள் மட்டும் ✅ இடுவது நல்லது. பத்துப் பேருக்குக் குறைவான குழுவில் இவ்வளவு ஏற்பாடும் தேவையில்லை. அங்கே "சரி" என்று எழுதுவதால் யாருக்கும் தொல்லை இல்லை, எழுத்துக்கு உள்ள இதமும் கூடக் கிடைக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகும் சிலர் "சரி" என்றே எழுதுவார்கள். அவர்களைக் குழுவில் வைத்துத் திருத்த வேண்டாம். அதுவும் நாற்பது பேருக்குப் போகும் ஒரு செய்திதான், அதற்கு அவர் "மன்னிக்கவும்" என்று எழுதுவார், அதற்கு இன்னொருவர் "பரவாயில்லை" என்பார். எங்கள் குழுவில் வயதில் மூத்த ஒருவர் நெடுநாள் அப்படி எழுதி வந்தார். அவரை நேரில் பார்த்தபோது, செய்தியை அழுத்திப் பிடித்தால் குறிகள் வரும் என்று அவருடைய கைபேசியிலேயே காட்டினேன். குறி இடுவது மரியாதைக் குறைவாக இருக்குமோ என்று எண்ணித்தான் இதுவரை இடவில்லை என்றார். அடுத்த செய்திக்கு முதலில் வந்த ✅ அவருடையது.